நூறு மீட்டரில் நிற்கும் விமானம்: வேலை, ஆற்றல் பாடத்திற்கு ஒரு கப்பல் தளம்

மேல்நிலை முதலாம் ஆண்டு இயற்பியலில் சார்புத் திசைவேகம், வேலை–ஆற்றல் தேற்றம் இரண்டையும் நாம் தனித்தனியே நடத்துகிறோம். இரண்டும் ஒரே கணக்கில் சந்திக்கும் இடம் பாடநூலில் குறைவு. அப்படியொரு இடமாக விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தை எடுத்துக்கொள்ளலாம். ஏறத்தாழ 20 டன் எடையுள்ள போர் விமானம் காற்றில் மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, நகரும் கப்பலில் சுமார் 100 மீட்டருக்குள் நிற்கிறது. அதே கப்பலிலிருந்து அதைவிடக் குறைந்த தூரத்தில் ஓடிப் புறப்படவும் செய்கிறது. இவை எப்படி முடிகின்றன என்பதற்கான விடையை மாணவர்கள் தாங்களே கணக்கிட்டு அடைய முடியும்.

அமெரிக்கக் கடற்படையின் நிமிட்ஸ் வகைக் கப்பலையும், அதில் இறங்கும் சூப்பர் ஹார்னெட் விமானத்தையும் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கப்பலின் நீளம் 333 மீட்டர். ஆனால் விமானம் இறங்குவதற்கான ஓடுபாதை சுமார் 240 மீட்டர்தான். அது கப்பலின் நடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 9 பாகை இடப்புறம் சாய்ந்திருக்கும். இறங்கும் விமானம் நிற்காமல் போனால் முன்பகுதியில் நிறுத்தியிருக்கும் விமானங்களின் மீது மோதாமல் கடலுக்கு மேலே பறந்து செல்லவே இந்தச் சாய்வு.

முதலில் கம்பி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்கலாம். சக்கரத் தடையை மட்டும் அழுத்தினால் எதிர்முடுக்கம் 3 மீ/வி² கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். தளத்தைப் பொறுத்து விமானத்தின் வேகம் 57 மீ/வி என்றால் (இந்த எண் எப்படி வந்தது என்பதைக் கீழே பார்ப்போம்), v² = u² − 2as சமன்பாட்டின்படி அது நிற்க 540 மீட்டர் தேவை. அது கப்பலின் முழு நீளத்தைவிடவும் அதிகம். ஆகவே வேறொரு விசை வேண்டும்.

அந்த விசையைத் தந்த முதல் ஏற்பாடு மிக எளிமையானது. 1911 ஜனவரி 18 அன்று சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் நங்கூரமிட்டிருந்த பென்சில்வேனியா என்ற போர்க்கப்பலில் யூஜின் ஈலி என்பவர் தம் சிறு விமானத்தை இறக்கினார். கப்பலில் அமைத்த மரத்தளத்தின் குறுக்கே 22 கயிறுகள். ஒவ்வொரு கயிற்றின் இரு முனைகளிலும் சுமார் 23 கிலோ எடையுள்ள மணல் மூட்டைகள். விமானத்தின் அடியில் இருந்த கொக்கிகள் கயிறுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து மூட்டைகளை இழுத்தன. மூட்டைகளின் நிறையும் தளத்துடன் அவற்றின் உராய்வும் விமானத்தை நிறுத்தின. ஒரே அடியாக நிறுத்தாமல் கயிறு கயிறாகத் தடையைக் கூட்டியதுதான் இதில் கவனிக்கத்தக்கது. இன்றைய கம்பிகளும் அதே வேலையைத்தான் செய்கின்றன. மூட்டைகள் மட்டும் தளத்துக்கு அடியில் வேறு உருவம் எடுத்துவிட்டன.

இனி 57 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். விமானம் காற்றில் மிதந்து நிற்கத் தேவையான வேகம் காற்றைப் பொறுத்தது. 250 கிலோமீட்டர் என்பது ஏறத்தாழ 70 மீ/வி. கடலில் காற்றே வீசாத நாளில் கப்பல் மணிக்கு சுமார் 47 கிலோமீட்டர், அதாவது 13 மீ/வி வேகத்தில் முன்னோக்கிச் சென்றால், பின்னாலிருந்து வரும் விமானம் தளத்தைப் பொறுத்து 70 − 13 = 57 மீ/வி வேகத்தில்தான் வருகிறது. கூட்டுவதா கழிப்பதா என்று மாணவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். ஒரே திசையில் செல்லும் பேருந்தை முந்தும் இருசக்கர வாகனத்தை நினைவூட்டினால் போதும். காற்று வீசும் நாளில் கப்பலை அதற்கு எதிராகத் திருப்பிக்கொண்டால் கப்பலின் வேகமும் காற்றின் வேகமும் சேர்ந்து உதவும். விமானங்கள் இறங்கும்போதும் ஏறும்போதும் கப்பல் காற்றுக்கு எதிராகத் திரும்புவது இதற்காகவே.

வேகத்தில் 13 மீ/வி குறைவது சிறியதாகத் தோன்றும். ஆற்றலைக் கணக்கிட்டால் அதன் மதிப்பு தெரியும். 20,000 கிலோகிராம் நிறைக்கு 70 மீ/வி வேகத்தில் இயக்க ஆற்றல் 49 மெகாஜூல். 57 மீ/வி வேகத்தில் 32.5 மெகாஜூல். வேகம் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகவே குறைந்தது. ஆற்றலோ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. வேகத்தின் இருமடி என்பதன் பொருளை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை. 100 மீட்டரில் நிறுத்தச் சராசரி எதிர்முடுக்கம் 16.2 மீ/வி², நேரம் மூன்றரை விநாடி, நிகர விசை 325 கிலோநியூட்டன்.

நன்றாகச் சிந்திக்கும் ஒரு மாணவர் இங்கே ஒரு கேள்வி கேட்கக்கூடும்: "கடலில் நின்று பார்த்தால் விமானம் 70 மீ/வி வேகத்திலிருந்து 13 மீ/வி வேகத்துக்குத்தானே வருகிறது? அப்படியானால் இழந்த ஆற்றல் வேறாக வருமே?" கேட்காவிட்டால் நாமே கேட்டுவிடலாம். கடலைப் பொறுத்து விமானம் இழந்தது ½ × 20,000 × (70² − 13²), அதாவது 47.3 மெகாஜூல். தளத்தில் நின்றவருக்கு 32.5 மெகாஜூல். மீதி 14.8 எங்கே?

விசை இருவருக்கும் ஒன்றே, 325 கிலோநியூட்டன். ஆனால் தூரம் ஒன்றல்ல. விமானம் தளத்தில் 100 மீட்டர் ஓடிய அந்த மூன்றரை விநாடியில் கப்பலும் 45.5 மீட்டர் முன்னே போயிருக்கிறது. கடலைப் பொறுத்து விமானம் கடந்தது 145.5 மீட்டர். 325 கிலோநியூட்டனை அதனால் பெருக்கினால் 47.3 மெகாஜூல் வந்துவிடும். விமானத்தைக் கம்பி பின்னோக்கி இழுக்கும்போது, விமானம் கம்பியின் வழியாகக் கப்பலை முன்னோக்கி இழுக்கிறது. அந்த விசை 45.5 மீட்டருக்குக் கப்பல் மீது செய்யும் வேலை 14.8 மெகாஜூல். இந்த ஆற்றல் வெப்பமாக மாறவில்லை. கப்பலை முன்னே தள்ளுவதற்குச் சென்றது. கம்பி இயந்திரம் வெப்பமாக மாற்ற வேண்டியது இரு பார்வையாளர்களுக்கும் 32.5 மெகாஜூல்தான். இயக்க ஆற்றல் பார்வையாளரைச் சார்ந்தது, தோன்றும் வெப்பம் சார்ந்ததல்ல என்பதற்கு இதை ஒரு பாடவேளை முழுவதும் பேசலாம்.

அடுத்து, தளத்துக்குக் கீழே இறங்கிப் பார்ப்போம். ஓடுபாதையின் குறுக்கே பெரும்பாலான நிமிட்ஸ் வகைக் கப்பல்களில் நான்கு எஃகுக் கம்பிகள், ஏறத்தாழ 12 மீட்டர் இடைவெளியில் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் மூன்றரை சென்டிமீட்டர் தடிமன். வளைந்த வில்பட்டைகள் கம்பியைத் தளத்திலிருந்து சில சென்டிமீட்டர் உயர்த்திப் பிடித்திருக்கும்; விமானத்தின் வால்கொக்கி அதில் சிக்க வேண்டுமே. கம்பியின் இரு முனைகளும் தளத்தில் உள்ள கப்பிகளின் வழியே கீழே சென்று, கப்பித் தொகுதி ஒன்றைச் சுற்றிப் பலமுறை ஓடுகின்றன. கம்பி 18 மீட்டர் இழுபட்டால் கப்பித் தொகுதி ஒரு மீட்டர் நகரும். நகரும் தொகுதி ஒரு பெரிய பிஸ்டனை உருளைக்குள் தள்ளுகிறது. உருளையில் இருக்கும் திரவம் ஒரு வால்வின் குறுகிய திறப்பு வழியாக வெளியேறி, அழுத்தப்பட்ட காற்று உள்ள கலத்துக்குச் செல்கிறது. விமானம் நின்றதும் அந்தக் காற்றழுத்தமே திரவத்தைத் திருப்பித் தள்ளிக் கம்பியைப் பழைய இடத்துக்கு இழுத்துவிடும்.

வகுப்பில் இதற்கு ஊசி நீக்கிய ஒரு பெரிய சிரிஞ்சு போதும். தண்ணீர் நிரப்பி மெதுவாக அழுத்தினால் எளிதில் போகும். வேகமாக அழுத்தினால் கை வலிக்கும். வாயை விரலால் பாதி மூடிக்கொண்டு அழுத்தினால் இன்னும் கடினம். குறுகிய திறப்பில் திரவம் தரும் எதிர்ப்பு ஏறத்தாழ வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும், திறப்பின் பரப்பின் இருமடிக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும்.

இதிலிருந்து ஒரு சிக்கல் எழுகிறது. திறப்பு மாறாமல் இருந்தால், விமானம் கம்பியைப் பிடித்தவுடன் எதிர்ப்பு மிகப் பெரிதாக இருக்கும். வேகம் பாதியானதும் அது கால்பங்காகச் சுருங்கிவிடும். தொடக்கத்தில் கம்பியோ கொக்கியோ அறுந்து போகலாம். இறுதியிலோ விமானம் நிற்காமல் ஊர்ந்துகொண்டே இருக்கும். விசையைச் சீராக வைக்க வேண்டுமானால் வேகம் குறையக் குறையத் திறப்பும் அதே விகிதத்தில் சுருங்க வேண்டும். சீரான எதிர்முடுக்கத்தில் முக்கால் தூரம் கடந்த இடத்தில் வேகம் பாதியாகியிருக்கும் என்பதை மாணவர்கள் நிறுவலாம். அப்படியானால் அந்த இடத்தில் திறப்பும் பாதியாக இருக்க வேண்டும். கம்பி வெளியே ஓடும் அளவுக்கு ஏற்ப ஒரு நெம்புருள் சுழன்று வால்வை மூடிக்கொண்டே வருவதால் இது தானாக நடக்கிறது. கம்பியின் நீட்சி, காற்றுக் கலத்தின் அழுத்தம் ஆகியவையும் சேர்வதால் உண்மையான விசை முற்றிலும் சீராக இருக்காது; நோக்கம் அதுதான்.

விமானத்தின் எடை தொடக்கத் திறப்பை முடிவு செய்கிறது. கனமான விமானமும் இலேசான விமானமும் ஒரே தூரத்தில் நிற்க வேண்டும் என்பதே இந்த இயந்திரத்தின் அடிப்படை. 10 டன் விமானத்துக்குத் தேவைப்படுவதைப் போல் இருமடங்கு விசை 20 டன் விமானத்துக்குத் தேவை. எனவே திறப்பு ஏறத்தாழ 71 விழுக்காடாகச் சுருக்கப்பட வேண்டும் (2-இன் வர்க்கமூலத்தின் தலைகீழி). ஒவ்வொரு விமானமும் நெருங்கும்போது அதன் வகையும் எடையும் அறிவிக்கப்பட, கீழே இயந்திர அறையில் இருப்பவர் வால்வை அதற்கு அமைத்துவிட்டுத் திரும்பச் சொல்கிறார். கனமான விமானத்துக்கு இலேசான அமைப்பு இருந்தால் அது நிற்காது. இலேசான விமானத்துக்குக் கனமான அமைப்பு இருந்தால் கொக்கி பிய்ந்துவிடலாம்.

விமானி செய்யும் ஒரு செயல் மாணவர்களுக்கு வியப்பூட்டும். சக்கரம் தளத்தைத் தொட்ட கணமே அவர் எஞ்சின் விசையைக் குறைப்பதில்லை, முழுமையாகக் கூட்டுகிறார். கொக்கி எந்தக் கம்பியையும் பிடிக்காமல் போனால் மீண்டும் பறக்க அவருக்கு இரண்டு மூன்று விநாடிகளே உள்ளன. பிடிக்கவில்லை என்று தெரிந்தபின் விசையைக் கூட்டத் தொடங்கினால் எஞ்சின் அதற்குள் வேகம் பிடிக்காது. எனவே கம்பி விமானத்தின் இயக்க ஆற்றலோடு எஞ்சினையும் எதிர்த்து இழுக்க வேண்டியிருக்கிறது. இரண்டு எஞ்சின்களும் சேர்ந்து சுமார் 116 கிலோநியூட்டன் தள்ளினால், 100 மீட்டருக்கு அது செய்யும் வேலை கிட்டத்தட்ட 12 மெகாஜூல். இயந்திரம் விழுங்க வேண்டியது 32.5-இலிருந்து 44 மெகாஜூலாக உயர்கிறது.

கொக்கி கம்பியைப் பிடிப்பதும் எளிதல்ல. கப்பலின் இடப்புறம் உள்ள ஒளிவில்லைத் தொகுதி விமானிக்கு ஏறத்தாழ 3.5 பாகைச் சாய்வுப் பாதையைக் காட்டுகிறது. நடுவில் தெரியும் ஒளி, பக்கவாட்டுப் பச்சை விளக்குகளின் வரிசைக்கு மேலே ஏறினால் விமானம் உயரத்தில் இருக்கிறது. கீழே இறங்கினால் தாழ்ந்துவிட்டது. கம்பிகளுக்கு இடையே 12 மீட்டர் என்றால், 12 × tan 3.5° = 0.73 மீட்டர். அதாவது முக்கால் மீட்டர் உயரப் பிழை ஒரு கம்பியைத் தவறவிடப் போதும். சாய்ந்த ஓடுபாதையும் சும்மா இருப்பதில்லை. கப்பல் தன் நடுக்கோட்டின் வழியே 13 மீ/வி வேகத்தில் போகும்போது, 9 பாகை சாய்ந்த ஓடுபாதை விமானிக்கு விநாடிக்கு 13 × sin 9°, ஏறத்தாழ 2 மீட்டர் வலப்புறம் நகர்ந்துகொண்டே இருக்கும். இறுதி 15 விநாடியில் அது 30 மீட்டர். வெக்டர் கூறுகளைப் பிரிப்பதற்கு இதையும் ஒரு கணக்காகத் தரலாம்.

இந்த ஏற்பாட்டில் பிழை நேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2016 மார்ச் 18 அன்று ஐசனோவர் கப்பலில் நடந்தது ஒரு சான்று. இறங்கியது ஜெட் விமானம் அல்ல. சுழலிகள் கொண்ட ஹாக்ஐ கண்காணிப்பு விமானம். ஆனால் கம்பியும் இயந்திரமும் அதே வகைதான். கொக்கி கம்பியைப் பிடித்தது, விமானம் வேகம் குறைந்தது, பிறகு கம்பி அறுந்தது. அறுந்த கம்பி தளத்தில் சாட்டையாகச் சுழன்று எட்டு மாலுமிகளைக் காயப்படுத்தியது. விமானம் சாய்ந்த தளத்தின் விளிம்பைத் தாண்டிக் கண்ணிலிருந்து மறைந்து, கடல் மட்டத்துக்கு மிக அருகே சென்று, மெல்ல மேலேறியது. பின்னர் நார்ஃபோக்கில் பத்திரமாகத் தரையிறங்கியது. அந்த இயந்திரத்தில் முன்னர் ஏற்பட்டிருந்த கோளாற்றைச் சரிசெய்தபோது, பராமரிப்பாளர்கள் வால்வு தொடர்பான முக்கியமான ஒரு படியையாவது விட்டுவிட்டனர் என்று கடற்படையின் விசாரணை கண்டறிந்தது.

கொக்கி கம்பியைப் பிடிக்காமலே போயிருந்தால் இவ்வளவு ஆபத்து இல்லை என்பதை மாணவர்கள் உணர வேண்டும். பிடிக்காத விமானத்திடம் முழு வேகமும் இருக்கிறது, அது பறந்துவிடும். பாதி பிடித்து விட்ட கம்பி, பறக்கத் தேவையான வேகத்தைப் பறித்துக்கொண்டு நிறுத்தவும் செய்யாமல் கைவிடுகிறது. அன்று அந்த விமானத்தைக் காத்தவை இரண்டு: முழு விசையில் ஓடிய எஞ்சின்கள், தளத்திலிருந்து கடல்வரை இருந்த உயரம். நிலையாற்றலை இயக்க ஆற்றலாக மாற்றிக்கொள்ளக் கிடைத்த அந்தச் சில மீட்டர்கள்தாம் விமானத்துக்கு மீண்டும் பறக்கும் வேகத்தைத் தந்தன.

இப்போது புறப்பாடு. எரிபொருளும் ஆயுதமும் ஏற்றிய விமானம் 28 டன் என்போம். பறக்கக் காற்றில் 75 மீ/வி வேண்டும் என்றால், தளத்தில் 62 மீ/வி போதும். எஞ்சின்கள் தரக்கூடிய உச்ச விசை 196 கிலோநியூட்டன். முடுக்கம் 7 மீ/வி². உராய்வையும் காற்றுத் தடையையும் விட்டுவிட்டாலும் 275 மீட்டர் ஓட வேண்டும். கவண் தரும் பாதையின் நீளமோ சுமார் 94 மீட்டர். அதற்குள் 62 மீ/வி அடைய முடுக்கம் 20.4 மீ/வி², விசை 571 கிலோநியூட்டன் தேவை. எஞ்சின் தருவது போக மீதி 375 கிலோநியூட்டனைக் கவண் தருகிறது. எல்லாம் மூன்று விநாடியில் முடிந்துவிடும்.

நீராவிக் கவணில் தளத்துக்கு அடியில் இரண்டு நீண்ட உருளைகள் அருகருகே கிடக்கின்றன. அவற்றின் மேற்புறம் நெடுகப் பிளவு உண்டு. உள்ளே ஓடும் பிஸ்டன்களை, அந்தப் பிளவின் வழியே மேலே நீட்டிய ஓர் இணைப்பு விமானத்தின் முன்சக்கரத் தண்டோடு பிணைக்கிறது. பிஸ்டன் நகரும்போது பிளவைத் திறந்து பின்னால் மூடிக்கொண்டே போகும் உலோகப் பட்டை நீராவி வீணாகாமல் காக்கிறது. பின்னால் ஒரு பிடிப்புத் துண்டு விமானத்தை இழுத்துப் பிடித்திருக்கும். எஞ்சின் முழு விசையில் ஓடினாலும் அது விடாது. நீராவியும் சேர்ந்து தள்ளும்போதுதான் விடும். மெதுவாகத் தொடங்காமல் முழு விசையோடு தொடங்க இதுவே வழி. பாதையின் முடிவில் பிஸ்டனின் கூம்புமுனை தண்ணீர் நிறைந்த உருளைக்குள் பாய்ந்து சில மீட்டரில் நின்றுவிடுகிறது. மீண்டும் நம் சிரிஞ்சு.

இங்கும் எடைதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. தளத்தில் ஒருவர் எடை எழுதிய பலகையை விமானிக்குக் காட்ட, அவர் சரி என்று சைகை செய்த பிறகே நீராவி அந்த எடைக்கு அமைக்கப்படுகிறது. அளவு மிகுந்தால் முன்சக்கரத் தண்டு தாங்காது. குறைந்தால் விமானம் போதிய வேகமின்றித் தளத்தின் விளிம்பை விட்டு வெளியேறிக் கடலில் விழும். விமானிக்கு இருக்கையோடு வெளியேறும் வழி மட்டுமே மிஞ்சும்.

நம் நாட்டின் இன்றைய கப்பல்களான விக்ரமாதித்யா, விக்ராந்த் இரண்டிலும் தடுப்புக் கம்பிகள் உண்டு, கவண் இல்லை. 1961-இல் சேர்ந்த பழைய விக்ராந்தில் நீராவிக் கவண் இருந்தது. இன்று அதற்குப் பதிலாகத் தளத்தின் முன்முனை ஏறத்தாழ 14 பாகை மேல்நோக்கி வளைந்திருக்கிறது. எறிபொருள் பாடத்தை இங்கே நடத்தலாம். விமானம் அந்த வளைவை 50 மீ/வி வேகத்தில் விட்டுச் செல்கிறது என்று வைத்துக்கொண்டால், செங்குத்துக் கூறு 12.1 மீ/வி. இறக்கைகள் எதையும் தாங்காத வெறும் கல்லாக இருந்தாலும், அது மீண்டும் அதே மட்டத்துக்கு வர இரண்டரை விநாடி ஆகும். அந்த இரண்டரை விநாடியில் எஞ்சின் 6 மீ/வி² முடுக்கம் தந்தால் வேகம் 15 மீ/வி கூடியிருக்கும். வளைவு விமானத்துக்கு ஓடுபாதையைத் தரவில்லை, நேரத்தைத் தருகிறது. அந்த நேரம் போதுமா என்பது எடையைப் பொறுத்தது. எடை கூடினால் முடுக்கம் குறையும், தேவையான வேகமும் கூடும். அதனால்தான் இவ்வகைக் கப்பல்களில் விமானம் முழு எரிபொருளோடும் முழு ஆயுதத்தோடும் புறப்படுவது அரிது. விமானத்தின் எடையைப் பத்தில் ஒரு பங்கு கூட்டி, மேற்கண்ட கணக்கை மாணவர்களை மறுபடி செய்யச் சொல்லுங்கள்.